12 லட்சம் ஆஃபர் லெட்டர்: ப்ரொபேஷன், நோட்டீஸ், வேரியபிள் மூன்றையும் எப்படிப் படிப்பது?

மாங்காட்டுக்காரி | 2025 ஆகஸ்ட் 2, காலை 9.40

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இப்போது இருக்கும் இடத்தில் 60 நாள் நோட்டீஸ், அதனால் 6-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் அக்டோபர் 6-இல் சேரலாம். சி.டி.சி. 12 லட்சம் என்று போட்டிருக்கிறது, அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மாதம் ஒரு லட்சம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கிலேயே சந்தேகம். அதைவிட, பின்பக்கத்தில் உள்ள மூன்று பத்திகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. லெட்டர் ஆங்கிலத்தில் இருக்கிறது, சாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

ப்ரொபேஷன் ஆறு மாதம், நிறுவனம் விரும்பினால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், எழுத்தில் கன்ஃபர்ம் செய்யும்வரை ப்ரொபேஷனில் இருப்பதாகவே கருதப்படும். ப்ரொபேஷனில் அவர்கள் என்னை அனுப்ப 15 நாள் நோட்டீஸ், நான் போக 30 நாள். கன்ஃபர்ம் ஆனபின் இரு தரப்புக்கும் 90 நாள். வேரியபிள் வருடத்துக்கு 1,80,000 வரை, கன்ஃபர்ம் ஆன ஊழியர்களுக்கு மட்டும், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்குக்கு அடுத்த ஜூலை சம்பளத்தோடு தரப்படும்.

இதில் எதைக் கேட்டு மாற்றலாம், எது எல்லா இடத்திலும் இருப்பதுதான் என்று விட்டுவிடலாம்?

வெள்ளிக்கிழமை | ஆகஸ்ட் 2, காலை 10.15

கவலையே வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். 90 நாள் நோட்டீஸ் எல்லாம் சும்மா பயமுறுத்த. எந்த கோர்ட்டும் ஒருத்தரைப் பிடித்து வைத்து வேலை செய்யச் சொல்லாது. பிடிக்கவில்லையென்றால் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ப்ரொபேஷன், வேரியபிள் எல்லா லெட்டரிலும் இருக்கும், யாரும் மாற்ற மாட்டார்கள்.

தாலுகா ஆபீஸ் | ஆகஸ்ட் 2, காலை 11.02

ப்ரொபேஷன் ஆறு மாதம் என்றால் சந்தோஷப்படுங்கள் அம்மா. எங்களுக்கெல்லாம் மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் பணிக்காலம் முடித்து, துறைத் தேர்வும் எழுதி, அப்புறம்தான் ஆர்டர். பயிற்சிச் சான்று ஒன்று காணாமல் போனதில் எனக்கு ஆர்டர் தள்ளிப்போய், இன்க்ரிமென்ட் நின்று, அலுவலகத்துக்கும் கலெக்டரேட்டுக்கும் நடந்தேன். முதல் நாளிலிருந்து எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 2, இரவு 9.30

கிண்டியிலும் அம்பத்தூரிலுமாக நீண்ட காலம் பேரோல், ஹெச்.ஆர். இரண்டும் பார்த்தவன். தாலுகா ஆபீஸ் சார் சொல்வது அரசுப் பணி விதி, அதில் ப்ரொபேஷனுக்குத் தனிச் சட்டக்கட்டு உண்டு. தனியார் நிறுவனத்தில் அந்த லெட்டர்தான் விதி. அதனால்தான் ஒரு வரியையும் விடாமல் படிக்கச் சொல்கிறேன்.

முதலில் மாதச் சம்பளம். மேடம், இணைப்புத் தாளில் பேசிக் 40,000 என்று இருக்கிறதா? இருந்தால் கணக்கு அநேகமாக இப்படி வரும். 12 லட்சத்தில் வேரியபிள் 1,80,000 போனால் மிச்சம் 10,20,000. அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கை 15,000 உச்சவரம்பில் கணக்கிட்டால் மாதம் 1,800, வருடம் 21,600. கிராஜுவிட்டிக்கு பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது 23,088. அப்புறம் குழுக் காப்பீட்டு பிரீமியம். இவை எல்லாம் உங்கள் பெயரில் எழுதப்பட்டாலும் மாதக் கடைசியில் வங்கிக்கு வராது.

சரி, இப்போது முக்கியமானது. மூன்று பத்திகளையும் தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே வழக்கமானவைதான். ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு சேர்த்துப் படியுங்கள். அக்டோபர் 6-இல் சேர்ந்தால் ஆறு மாதம் ஏப்ரல் 5-இல் முடிகிறது. கணக்கு வருடம் மார்ச் 31-இல் முடிந்துவிடுகிறது. கன்ஃபர்ம் ஆனவர்களுக்கு மட்டும் வேரியபிள் என்றால், 2025-26-க்கு உங்களுக்கு ஒரு பைசா கிடையாது. அடுத்த வருடக் கணக்கு 2027 மார்ச்சில் முடியும், பணம் 2027 ஜூலையில் வரும். சேர்ந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட 22 மாதம். முதல் வருடத்தில் உங்கள் ஆஃபர் 12 லட்சம் இல்லை, 10,20,000.

மூன்று மாதம் நீட்டித்தால் தகுதி ஜூலை 6-இல்தான் தொடங்கும். அப்போது 2027 ஜூலையில் வருவதும் ஒன்பது மாதக் கணக்குக்கு, முழுசாகக் கிடைத்தாலும் 1,35,000-க்குக் கொஞ்சம் குறைவு.

மாங்காட்டுக்காரி | ஆகஸ்ட் 2, இரவு 10.50

பேசிக் 40,000 தான் சார். காப்பீடு 15,312 என்று இருக்கிறது. கூட்டினால் மொத்தம் 60,000 போய் 9,60,000, மாதம் 80,000. அதில் என் பி.எஃப். பங்கு 1,800-உம் தொழில் வரியும் போகும். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி வராது என்று பார்த்துவிட்டேன். ஆக ஏறக்குறைய 78,000. வீட்டில் சொல்லிவிட்டேன், அப்பா முகம் வாடிவிட்டது. ஆனால் 22 மாத விஷயம் நான் கவனிக்கவே இல்லை. சம்பளம் பேசும்போது போனில் “வேரியபிள் வழக்கமாக எல்லோருக்கும் வந்துவிடும்” என்று மட்டும் சொன்னார்கள்.

இரவு ஷிப்ட் | ஆகஸ்ட் 3, அதிகாலை 2.20

“எழுத்தில் கன்ஃபர்ம் செய்யும்வரை” என்ற வரி எனக்கும் இருந்தது. ஆறு மாதம் முடிந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜரைக் கேட்டால் ஹெச்.ஆர். என்றார், ஹெச்.ஆரைக் கேட்டால் மேனேஜர் படிவம் அனுப்பவில்லை என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அந்த வருட வேரியபிள் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனால் ஒன்று, அடுத்த வேலை கிடைத்தபோது நான் இன்னும் ப்ரொபேஷனில் இருந்ததால் 30 நாளில் வெளியே வந்துவிட்டேன். என்னோடு சேர்ந்து கன்ஃபர்ம் ஆன பையன் 90 நாள் மாட்டிக்கொண்டு, கையில் இருந்த ஆஃபரை இழந்தான். அதனால் கன்ஃபர்மேஷன் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 3, காலை 7.45

இரவு ஷிப்ட் தம்பி சொல்வது ரொம்ப நடக்கிற விஷயம். ஆறு மாதம் முடிந்தாலே தானாக நிரந்தரம் என்று பலர் நினைக்கிறார்கள். லெட்டரில் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும் என்று இருந்து, நீட்டிப்புக்கு உச்ச வரம்பும் இல்லையென்றால் தானாக ஆகாது. உச்ச வரம்பு எழுதியிருந்து அதையும் தாண்டி வேலை வாங்கினால் வாதாட இடம் உண்டு. மேடத்தின் லெட்டரில் “மேலும் மூன்று மாதம்” என்று வரம்பு இருப்பது நல்லது, அது ஒன்பது மாதத்தில் ஒரு கோடு போடுகிறது.

இன்னொன்று, தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆவது பிரிவு. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் வெளியேற்றக் கூடாது. ஒழுங்கீனக் குற்றச்சாட்டை விசாரணை வைத்து நிரூபித்தால் நோட்டீஸ் தேவையில்லை. அந்தப் பிரிவு ப்ரொபேஷன், நிரந்தரம் என்று பிரித்துப் பேசவில்லை, ஆறு மாதம் என்றுதான் பேசுகிறது. அதனால் ப்ரொபேஷனை ஏழாவது, எட்டாவது மாதத்துக்கு நீட்டினபின் “15 நாள் போதும்” என்ற வரி இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருக்கிறது, நிறுவனங்கள் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருந்தால் மட்டும் போதாது, வேலை என்ன என்று பார்ப்பார்கள். அதில் சண்டை நீளும்.

முதல் ஆறு மாதத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே லெட்டரில் இருக்கும் 15 நாள்தான்.

வெள்ளிக்கிழமை | ஆகஸ்ட் 3, காலை 10.05

சட்டம் தெரிந்த நீங்களே சொல்லுங்கள், ஊழியரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியுமா, முடியாதா?

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 3, மதியம் 1.10

முடியாது, அதில் நீங்கள் சொன்னது சரி. 1963-ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி ஒரு ஆளின் சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடாது. ஆனால் நீங்கள் அதோடு நிறுத்திவிட்டீர்கள். உழைப்பைக் கேட்க முடியாதே தவிர, ஒப்பந்தத்தை மீறியதற்குப் பணம் கேட்கலாம். பெரும்பாலும் கோர்ட்டுக்கே போக மாட்டார்கள், ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கில் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குக் கடிதம் அனுப்புவார்கள். ரிலீவிங் லெட்டர் வராது. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை, கடைசி மாதத் தொகை வரவான இரண்டு மாதம் கழித்து ஊழியரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம், அது நல்ல வசதி. ஆனால் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் கேட்பது ரிலீவிங் லெட்டரை. “லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய” ஒரு பெண் அடுத்த இடத்தில் சேர்ந்த ஆறாவது வாரம் அந்தக் காகிதத்துக்காக எங்கள் வாசலில் அழுதுகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்காக மேலே பேசி வாங்கிக் கொடுத்தேன், ஆனால் முழுப் பணத்தையும் கட்டினபின்தான் கொடுத்தார்கள்.

மேடம், நோட்டீஸ் பத்தியில் நாட்களைவிட முக்கியமாக ஒன்று பார்க்க வேண்டும். நோட்டீஸுக்குப் பதில் பணம் என்று வருமிடத்தில், பேசிக்கா, மொத்தச் சம்பளமா? அவர்கள் உங்களை அனுப்பினால் எது, நீங்கள் போனால் எது?

மாங்காட்டுக்காரி | ஆகஸ்ட் 3, மாலை 6.30

இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நிறுவனம் அனுப்பினால் “பேசிக் சம்பளம்”. நான் நோட்டீஸை முடிக்காமல் போனால் “மாத மொத்தச் சம்பளம்”. அதாவது 90 நாளுக்கு அவர்கள் எனக்குக் கொடுப்பது 1,20,000, நான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 2,40,000. அதற்கும் கீழே, பணத்தைக் கட்டிவிட்டு முன்னதாகப் போக அனுமதிப்பது நிர்வாகத்தின் விருப்பம் என்று ஒரு வரி. அப்படியென்றால் கையில் பணம் இருந்தாலும் போக முடியாதா?

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 3, இரவு 8.55

அந்த விருப்பம் என்ற சொல்தான் பை-அவுட்டுக்குப் பூட்டு. அவர்கள் மறுத்தால், நீங்கள் பணம் கட்டிவிட்டுப் போனாலும் அது ஒழுங்கான விலகல் ஆகாது, ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள். ஆனால் ஆட்சேர்ப்பில் அந்த வரியை எடுக்க அவர்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேசிக், மொத்தம் என்ற வித்தியாசத்தைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அடிப்படை என்று கேட்பதை மறுக்க யாருக்கும் நல்ல காரணம் கிடையாது. ஒன்று சொல்கிறேன், நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் சில நிறுவனங்கள் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துப் பிடித்தன. 2022 ஆகஸ்ட்டில் மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டு அது பொருந்தாது என்று தெளிவாக்கிவிட்டது. இன்னும் யாராவது பிடித்தால் அதைக் காட்டுங்கள்.

வேரியபிளுக்கு வருகிறேன். “1,80,000 வரை” என்பதில் வரை என்பதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேட்டீர்களா? நிறுவன மதிப்பெண், தனிநபர் மதிப்பெண் என்று இரண்டு இருக்கும். நிறுவனம் 80, நீங்கள் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி எடை போட்டுக் கூட்டினால் 85 சதவீதம், 1,53,000. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 72 சதவீதம், 1,29,600. அதே உழைப்பு, அதே மதிப்பெண், 23,400 வித்தியாசம். நிறுவன மதிப்பெண் ஒரு அளவுக்குக் கீழே போனால் யாருக்கும் இல்லை என்று ஒரு வரியும் சில இடங்களில் இருக்கும். இதெல்லாம் லெட்டரில் இருக்காது, “நிறுவனக் கொள்கைப்படி” என்று முடித்திருப்பார்கள். அந்தக் கொள்கைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இரவு ஷிப்ட் | ஆகஸ்ட் 4, அதிகாலை 1.35

பணம் தரும் நாளில் நோட்டீஸில் இருக்கக் கூடாது என்றும் போட்டிருப்பார்களே, அதையும் பாருங்கள் அக்கா. எங்கள் டீமில் ஒருத்தர் ஜூன் கடைசியில் ராஜினாமா கொடுத்தார், ஜூலைப் பணம் போய்விட்டது. முடிந்த வருடத்துக்கான உழைப்பு அது. எனக்கு இன்றுவரை அது அநியாயமாகத்தான் தெரிகிறது.

மாங்காட்டுக்காரி | ஆகஸ்ட் 4, காலை 8.10

இருக்கிறது. பணம் தரும் நாளில் வேலையில் இருக்க வேண்டும், நோட்டீஸில் இருக்கக் கூடாது.

நேற்று இரவு இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 2027 ஜூலை 31-இல் பணம் வந்தபின் மறுநாளே ராஜினாமா கொடுத்தாலும் 90 நாள் அக்டோபர் கடைசியில்தான் முடியும். ஏப்ரலிலிருந்து அதுவரை ஏழு மாதம் உழைத்திருப்பேன், மாதம் 15,000 வீதம் 1,05,000. அது 2028 ஜூலையில் தர வேண்டிய பணம், அப்போது நான் இருக்க மாட்டேன். அதாவது எந்தத் தேதியில் கிளம்பினாலும் வேரியபிளில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் போக முடியும், குறைந்தபட்சமே இவ்வளவு. நோட்டீஸ் 30 நாளாக இருந்தால் அது 75,000 ஆகக் குறையும். நோட்டீஸ் பத்தி என்று நான் நினைத்தது சம்பளப் பத்தியும்கூட.

வெள்ளிக்கிழமை | ஆகஸ்ட் 4, காலை 9.25

இது நல்ல கணக்கு. இப்படி யோசித்ததில்லை. ஆனாலும் இவ்வளவு கேள்வி கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிட்டால்? என் நண்பன் ஒருவனுக்கு நடந்திருக்கிறது. மார்க்கெட் இப்போது நன்றாக இல்லை.

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 4, மதியம் 12.40

அந்தப் பயம் நியாயமானது, அதனால் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். பத்துக் கேள்வி அனுப்பினால் ஆட்சேர்ப்பு ஆள் அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார், உங்கள் தேதி முடிந்துவிடும். 90 நாள், ஆறு மாதம் இரண்டும் எல்லா ஊழியருக்கும் ஒன்றாக வைத்திருப்பார்கள், ஒருவருக்காக மாற்றுவது அவர்களுக்குக் கஷ்டம். பணமாக ஈடு கேட்பது எளிது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றே மூன்று கேட்பேன், மெயிலில். சேர்ந்த தேதியிலிருந்து வேரியபிள் விகிதாசாரமாகக் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் அந்த ஆறு மாதத்துக்கு ஈடாக 90,000 ஜாயினிங் போனஸ். நோட்டீஸுக்கு இரு பக்கமும் ஒரே அடிப்படை. வேரியபிள் கொள்கைத் தாள். ராஜினாமாவை மட்டும் பதில் எழுத்தில் வரும்வரை கொடுக்காதீர்கள்.

மாங்காட்டுக்காரி | ஆகஸ்ட் 5, இரவு 9.15

பதில் வந்தது. முன்தேதி வேரியபிள் முடியாதாம், கொள்கை. ஜாயினிங் போனஸ் 60,000 தருகிறார்கள், முதல் மாதச் சம்பளத்தோடு. 12 மாதத்துக்குள் “எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்” முழுசாகத் திருப்பித் தர வேண்டும். நோட்டீஸ் பணம் இரு பக்கமும் பேசிக் என்று மாற்றிவிட்டார்கள், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கொள்கைத் தாள் சேர்ந்தபின்தான் காட்டுவார்களாம், ஆனால் கூட்டல் முறைதான், பெருக்கல் இல்லை என்று மெயிலில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு ஒரு நாள் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

சம்பளப்பட்டியல் | ஆகஸ்ட் 5, இரவு 9.50

“எந்தக் காரணத்தால்” என்ற வரியை உடனே மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாவது மாதம் அவர்களே 15 நாள் நோட்டீஸில் அனுப்பினாலும் 60,000-ஐ அவர்களுக்கே கொடுக்க வேண்டிவரும். நீங்களாக ராஜினாமா செய்தால், அல்லது ஒழுங்கீனம் நிரூபணமானால் மட்டும் என்று இருக்க வேண்டும். இது சின்னத் திருத்தம், மறுக்க மாட்டார்கள்.

மாங்காட்டுக்காரி | ஆகஸ்ட் 6, மதியம் 12.20

மாற்றித் தந்துவிட்டார்கள் சார். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், இங்கே ராஜினாமாவும் கொடுத்தாயிற்று. 90 நாள் அப்படியேதான் இருக்கிறது, அதில் எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை.

மாங்காட்டுக்காரி | 2025 அக்டோபர் 12, காலை 10.30

சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாளே அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்று தடியாக இன்னொரு தாள் கட்டைக் கொடுத்து, மதியத்துக்குள் கையெழுத்து கேட்டார்கள். அதில் நோட்டீஸ் பணம் மறுபடியும் பழையபடி மொத்தச் சம்பளம் என்றிருந்தது, பழைய அச்சிலிருந்து எடுத்தது போல. ஆகஸ்ட் மெயிலைக் காட்டினேன், அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தை மாற்றிக் கொண்டுவந்தார்கள். முன்னால் கொடுத்த கடிதங்கள், பேச்சுகள் எல்லாவற்றுக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே செல்லும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் மெயில் இருந்தும் பயன் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

தாலுகா ஆபீஸ் | அக்டோபர் 12, மதியம் 2.15

அதற்குத்தான் நகல் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அம்மா. என் மகனுக்கும் கேம்பஸில் ஒரு லெட்டர் வந்திருக்கிறது, இரண்டு வருட பாண்ட் வேறு. தனி இழை போடுகிறேன், சம்பளப்பட்டியல் சார் பார்க்க வேண்டும்.

சம்பளப்பட்டியல் | அக்டோபர் 12, இரவு 8.40

போடுங்கள் சார், பார்க்கிறேன். பாண்டில் தொகை என்ன, பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவு என்று எழுதியிருக்கிறதா, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

மேடம், மெயிலை அலுவலகப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், வேலை முடியும் அன்று அந்தப் பெட்டி மூடப்படும். உங்கள் ஆகஸ்ட் மெயில் சொந்த முகவரிக்கு வந்தது என்பதால் பரவாயில்லை. இனி வரும் கன்ஃபர்மேஷன் கடிதம், மதிப்பெண் தாள் இரண்டையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். மார்ச் நடுவில் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில், ஏப்ரல் 5-இல் ப்ரொபேஷன் முடிகிறது, மதிப்பீட்டை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று.

இரவு ஷிப்ட் | அக்டோபர் 13, அதிகாலை 3.05

நீட்டிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள் அக்கா. நான் வாயால் கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் ஒரு வருட வேரியபிள் போனது.